ஆணியில் தொங்கும் நோட்டு

நாமக்கல் பக்கம் எந்த முட்டைக்கோழிப் பண்ணைக்குள் போனாலும், செட்டு வாசல் தூணில் ஓர் ஆணி அடித்திருப்பார்கள். அதில் சணல் கட்டிய நீள நோட்டு ஒன்று தொங்கும். தேதி, இருப்பு, இறப்பு, தீவன மூட்டை, முட்டை அட்டை, மருந்து என்று கட்டம் போட்டிருக்கும். தீவனம் அள்ளிய கையோடு எழுதுவதால் பக்கமெல்லாம் மாவு படிந்திருக்கும். கால்நடை மருத்துவராக இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கோழி இன்சூரன்ஸ் தொடர்பாகப் பண்ணைகளைப் பார்வையிட்டும் இருக்கிறேன், செத்த கோழிகளை அறுத்தும் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவரையில் பணம் வருமா வராதா என்பதை அலமாரியில் பூட்டிய பாலிசித் தாளைவிட ஆணியில் தொங்கும் அந்த நோட்டுதான் அதிகம் தீர்மானித்தது.

ஒரு பண்ணையின் கதையைச் சொல்கிறேன். பண்ணைக்காரர் பெயர் வேண்டாம். 10,000 கோழி, ஒரே செட்டு, கூண்டு வளர்ப்பு, வயது 34 வாரம். கூட்டம் முட்டையிடுவதில் உச்சத்தில் இருந்த நேரம். ஒரு விடிகாலையில் போன் வந்தது.

"டாக்டர், காலைல எண்ணிப் பாத்தா முப்பத்தெட்டு விழுந்து கெடக்குதுங்க."

"நேத்து எத்தனைங்க?"

"பதினொண்ணு. அதுக்கு முந்தின நாளு மூணு."

10,000 முட்டைக்கோழி இருக்கும் செட்டில் தினம் இரண்டு மூன்று சாவது வழக்கம்தான். கருப்பை சரிந்து சாகும், ஈரலில் கொழுப்பு கட்டிச் சாகும், காரணமே தெரியாமலும் சாகும். மூன்று பதினொன்றாகி, பதினொன்று முப்பத்தெட்டானால் அது வேறு கணக்கு. "இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் இருக்குதுங்க" என்றார். இந்த "எல்லாத்துக்கும்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

போய்ப் பார்த்ததில் கட்டில்மேல் இரண்டு பாலிசிகளை எடுத்து வைத்திருந்தார். நல்ல வேளை, இரண்டு இருந்தன. பல பண்ணைகளில் ஒன்றுதான் இருக்கும். செட்டு கட்டக் கடன் கொடுத்த வங்கி தன் பணத்துக்குப் பாதுகாப்பாகக் கட்டடத்துக்குத் தீக்காப்பீடு எடுக்க வைத்திருக்கும். பிரீமியம் கணக்கில் கழிவதைப் பார்த்துப் பார்த்து, கோழிக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்று பண்ணைக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார். கட்டடப் பாலிசி செட்டின் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொள்ளும். கூண்டு, மோட்டார், தீவன இருப்பு எல்லாம் அதில் எழுதியிருந்தால்தான் உண்டு. கோழிக்கு நோய் வந்து செத்தால் அந்தப் பாலிசி வாயே திறக்காது. உயிருள்ள கோழிக்குத் தனியாகக் கோழிப் பாலிசி எடுக்க வேண்டும்.

கறிக்கோழி வளர்க்கும் பல்லடம், உடுமலைப் பக்கம் இந்தக் குழப்பம் இன்னொரு வகை. அங்கே பெரும்பாலும் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. விவசாயி செட்டையும் உழைப்பையும் கொடுத்து வளர்ப்புக் கூலி வாங்குகிறார். கோழி அவருடையது இல்லை என்பதால் அதற்கு இன்சூரன்ஸ் எடுப்பதும் எடுக்காததும் கம்பெனியின் முடிவு. அவருக்கென்று இருப்பது செட்டு. மே மாதச் சூறைக்காற்றில் சிமெண்ட் அட்டை பறந்தால் சரிசெய்யும் செலவு அவர் தலையில். ஒப்பந்தத்தில் கோழி இறப்புக்கு யார் பொறுப்பு என்ற வரியையும், தன் செட்டுக்குப் பாலிசி இருக்கிறதா என்பதையும் அவர் பார்த்தால் போதும்.

கட்டடப் பாலிசியைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், அது எளிது. 2021 ஏப்ரல் 1 முதல், ஓரிடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடங்கும். மாட்டிக்கொள்ளும் இடம் மதிப்பு எழுதுவதில். ஒரு செட்டை இன்று புதிதாகக் கட்ட 40 லட்சம் ஆகும் என்று வையுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று 30 லட்சத்துக்கு எழுதிவிடுகிறார்கள். காற்றில் 6 லட்சம் சேதம். 30 லட்சத்துக்குள்தானே, முழுசும் வரும் என்று தோன்றும். வராது. நாற்பதில் முப்பதுக்குத்தான் காப்பீடு செய்திருப்பதால் சேதத்திலும் நாலில் மூன்று பங்கு, 4.5 லட்சம்தான் கணக்கில் வரும். குறைவாக எழுதியது 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் இந்தப் பாலிசி அதைப் பொருட்படுத்தாது. 35 லட்சத்துக்கு எழுதியிருந்தால் 6 லட்சமும் கணக்கில் வந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தைய விலையை அப்படியே புதுப்பித்துக்கொண்டு வருகிறவர்கள் இதில் விழுகிறார்கள். கம்பி, சிமெண்ட், கூலி எல்லாம் ஏறியது பாலிசிக்குத் தெரியாது.

சரி, கோழிக்கு வருவோம்.

அன்று நான் முதலில் சொன்னது, கம்பெனிக்குப் போன் செய்யுங்கள் என்று. பெரும்பாலான கோழிப் பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் தகவல் கேட்கின்றன. போன் செய்தாலும் கையோடு ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ போட்டுவைக்கச் சொன்னேன். பின்னால் "எப்போது சொன்னீர்கள்" என்ற கேள்வி வந்தால் நேரம் போட்ட சாட்சி அதுதான். இரண்டாவது, செத்த கோழியைக் குழியில் தள்ளாதீர்கள். இங்கே ஒரு சங்கடம் உண்டு. நாமக்கல் வெயிலில் செத்த கோழி அரை நாள் தாங்காது. நோய்க் கோழியை வைத்திருப்பது மற்ற கோழிக்கும் ஆபத்து. ஆகவே செட்டுக்கு வெளியே தார்ப்பாய் விரித்துப் பத்துப் பத்தாக வரிசை போட்டு, தேதி தெரியப் படம் எடுத்து, மருத்துவர் எண்ணிக் கையெழுத்துப் போட்டபின், கம்பெனியிடம் ஒப்புதல் கேட்டுச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கலாம். கம்பெனி ஆள் வரும்வரை தினமும் இதே வேலை.

அந்தத் தார்ப்பாயிலிருந்து ஐந்து கோழிகளை எடுத்து அறுத்தேன். இரைக்குடலுக்கும் கற்குடலுக்கும் நடுவில் சதைப்பிடிப்பான சிறு இரைப்பை ஒன்று உண்டு. அதைக் கீறித் திறந்து சளியை வழித்தெடுத்தால் உள்சுவரில் சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான்கு கோழிகளில் அந்தப் புள்ளிகளின் நுனியில் குண்டூசியால் குத்தியதுபோல் ரத்தம் கசிந்திருந்தது. கூண்டில் உயிரோடு இருந்தவற்றில் சில பச்சையாகக் கழிந்துகொண்டிருந்தன. இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு வானம் பார்த்து நின்றன. முட்டை அட்டையில் ஓடில்லாத தோல்முட்டைகள். நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். புத்தகத்தில் ராணிக்கெட். இன்றைய உத்தராகண்டில் உள்ள மலை ஊரின் பெயர் அது.

கண்ணுக்குத் தெரிந்தது ராணிக்கெட்தான். ஆனால் கோழிகள் கூட்டமாகத் திடீரென்று சாகும்போது மருத்துவர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும். அதனால் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுத்து மாதிரி எடுக்க வைத்தோம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பதும், கோழி நோய்க்கென்றே அங்கே ஆய்வகம் இருப்பதும் இந்தப் பகுதிக்கு வாய்த்த வசதி. பறவைக் காய்ச்சல் என்று உறுதி செய்வது மட்டும் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்தின் பொறுப்பு.

காத்திருந்த நாட்களில் பண்ணைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "பறவைக் காய்ச்சல்னு வந்துட்டா இன்சூரன்ஸ் உண்டுங்களா?" அவருடைய பாலிசியைப் பிரித்து விலக்குகள் என்ற பகுதியைப் படித்துக் காட்டினேன். பறவைக் காய்ச்சல் அதில் இருந்தது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள நவாபூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு மேற்கு வங்கம், கேரளம் என்று பல மாநிலங்களில் வந்துவிட்டது. ஒரு பண்ணையில் வந்தால் சுற்றியுள்ள பண்ணைகளையும் சேர்த்து அழிக்க வேண்டிய நோய் என்பதால் பல பாலிசிகள் அதை வெளியே தள்ளிவிட்டிருக்கின்றன. சிலவற்றில் கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைக்கலாம். வாங்கும் அன்றே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அங்கே கை கொடுப்பது அரசு இழப்பீடு. நோய் உறுதியானால் அந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழிப்பார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். அழிக்கப்பட்ட கோழி, முட்டை, தீவனத்துக்கு மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் போட்டு நிர்ணயித்த விலை தருகின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இழப்பீடு அரசு அழிக்கும் கோழிக்குத்தான். அதற்கு முன்பே நோயில் செத்து விழுந்ததற்குக் கிடையாது. வெளியே தெரிந்தால் முட்டை போகாதே என்று நான்கு நாள் மறைக்கிறவர் அந்த நான்கு நாளில் செத்த கோழிகளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றும் வாங்க முடியாது.

அவருக்கு அந்த நிலை வரவில்லை. ராணிக்கெட் என்றே முடிவு வந்தது. அதற்குள் கம்பெனியின் சர்வேயரும் அவர்கள் அனுப்பிய மருத்துவரும் வந்துவிட்டார்கள். இனி நடந்ததைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பராமரிப்பு நிபந்தனைகள் என்று பாலிசியில் நாலு வரியாக இருப்பது நேரில் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பது அங்கேதான் தெரிந்தது.

சர்வேயர் செட்டுக்குள் போய் ஒவ்வொரு கோழியாக எண்ணவில்லை. நோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். முட்டைக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். 10,000 கோழிக்கு 1,100 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 22. நோய்க்கு முந்தைய வாரத்தில் நோட்டில் 21, 22, 22 என்று இருந்தது. முட்டை தினம் முந்நூறு அட்டைக்குச் சற்று மேல். ஓர் அட்டைக்கு 30 என்றால் ஒன்பதாயிரத்துச் சொச்சம், உச்சத்தில் இருக்கும் கூட்டத்துக்குப் பொருத்தமான எண். குஞ்சு வாங்கிய ரசீதிலிருந்து இதுவரை செத்ததையும் கழித்து விற்றதையும் கழித்தால் வரும் இருப்பும் அதுவே. 17 மூட்டை தீவனத்தை வைத்துக்கொண்டு 10,000 கோழி இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மாறாக, 10,000 என்று எழுதிவிட்டு செட்டில் 12,000 கோழி வைத்திருந்தாலும் வம்புதான். பண்ணையில் உள்ள எல்லாக் கோழிக்கும் காப்பீடு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 12,000-இல் 10,000-க்குத்தான் செய்திருந்தால் இழப்பீடும் ஆறில் ஐந்து பங்காகிவிடும்.

பிறகு கூண்டைப் பார்த்தார்கள். மூன்று கோழிக்கு அடித்த கூண்டில் நான்கைத் திணித்திருந்தால் அது நெருக்கடி. நெருக்கடியால் வரும் சாவு விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஒன்றையொன்று கொத்திக் கொல்வது, தரைவளர்ப்பில் குவியலாக ஏறி மூச்சு முட்டிச் சாவது, தீனி போதாமல் சாவது, நாய் கீரி பிடிப்பது, திருட்டு, வளர்ச்சி குன்றுவது இவையும் பொதுவாக விலக்கில்தான் வரும். பட்டியலைப் படித்தால் கம்பெனிக்காரர் தப்பிக்க எழுதியதுபோல் தோன்றும். அலகு வெட்டி, வெளிச்சத்தை அளவாக வைத்து, கம்பிவலையை ஒழுங்காக அடித்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை இவை. தடுக்கக்கூடியது பண்ணைக்காரர் பொறுப்பு, தடுத்தும் வருவது கம்பெனி பொறுப்பு என்பதுதான் இந்தக் கோட்டின் கணக்கு. கோடு எங்கே போகிறது என்பதில் தகராறு வருவது வெயில் சாவில். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மின்சாரம் போய் ஃபாகர் நின்று கோழி விழுந்தால் அது விபத்தா, பராமரிப்புக் குறையா? பாலிசிக்குப் பாலிசி பதில் மாறும். ஜெனரேட்டர் இருந்ததா, ஓடியதா என்பது முதல் கேள்வியாக இருக்கும்.

அடுத்து வந்ததுதான் முக்கியம். தடுப்பூசி. ராணிக்கெட், கோழி அம்மை, மேரக்ஸ் போன்று தடுப்பூசி உள்ள நோய்களில் ஊசி போட்டதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அந்த நோயால் வந்த சாவுக்குப் பணம் இல்லை. ஆதாரம் என்றால் என்ன? "போட்டோம்" என்று நோட்டில் எழுதியது பாதி ஆதாரம். கம்பெனி மருத்துவர் மருந்துக்கடை ரசீதைக் கேட்டார். ஆயிரம் கோழிக்கான குப்பி, பத்துக் குப்பி. கூட்டம் பத்தாயிரம், சரி. வேறொரு பண்ணையில் எட்டுக் குப்பிக்கான ரசீதைப் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் தண்ணி கூட ஊத்திப் பரவலாக் குடுத்துட்டோம்" என்றார் அந்தப் பண்ணைக்காரர். அவருக்கு அந்தக் கோரிக்கை அங்கேயே முடிந்தது. இங்கே நோட்டில் ஒவ்வொரு முறையும் குப்பியின் லேபிளை உரித்து ஒட்டியிருந்தார்கள். தொகுதி எண், காலாவதித் தேதி இரண்டும் படிக்க முடிந்தது.

ஊசி போட்டிருந்தும் நோய் வந்தது எப்படி? முட்டையிடும் பருவத்தில் ராணிக்கெட் தடுப்பூசியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போலக் குடிநீரில் கலந்து கொடுப்பது வழக்கம். உயிருள்ள வைரஸ் அது. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். தண்ணீரில் குளோரின் இருந்தால் செத்துப்போகும். அதனால் குளோரினை முன்கூட்டியே நிறுத்தி, லிட்டருக்கு 5 கிராம் அளவில் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலப்பார்கள். எஞ்சிய குளோரினைப் பால்பொடி கட்டிவிடும். கோழியை ஒன்றிரண்டு மணி நேரம் தாகமாக வைத்து, கலந்த தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும்படி விட வேண்டும். கம்பெனி மருத்துவர் நேராகக் கேட்டார், "குளோரினை எப்ப நிறுத்துனீங்க?" பண்ணைக்காரர் விழித்தார். அவருக்கு நினைவில்லை. நோட்டில் இருந்தது. வேலைக்காரப் பெண் ஒருவர் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: 'குளோரின் நேத்தே நிறுத்தியாச்சு. பால்பொடி போட்டது. பனிக்கட்டி 2.' அந்த ஒரு வரி இல்லாமல் இருந்தால், முறை தவறிய தடுப்பூசி என்று ஒதுக்கத் தாராளமாக இடம் இருந்தது.

காரணம் வேறு இடத்தில் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. முதல் நாட்களில் செத்தவை பெரும்பாலும் தண்ணீர்க் குழாயின் கடைக்கோடியில் இருந்த கூண்டுகளில். நீண்ட நிப்பிள் குழாயில் மருந்துத் தண்ணீர் கடைசிவரை போய்ச் சேருமுன் குழாயில் தங்கியிருந்த பழைய தண்ணீரைக் குடித்தே கடைசிக் கூண்டுக் கோழிகள் தாகம் தீர்த்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மருந்து போதவில்லை. வரிசையின் வாலில் நோய்க்கு ஒரு வாசல் திறந்துவிட்டது. இதைப் பராமரிப்புக் குறை என்று சொல்லலாமா என்று கம்பெனி மருத்துவரும் நானும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டோம். அட்டவணைப்படி, அளவு குறையாமல், முறையோடு கொடுத்திருக்கிறார்கள். அலட்சியம் என்று எழுத முடியாது என்று அவரே சொன்னார். நியாயமான மனிதர்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. கோரிக்கை தவறாக மறுக்கப்பட்டதாக நினைத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தனிநபர் பண்ணையாளர்கள் 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைக் கட்டணமின்றி அங்கே கொண்டுபோக முடியும். மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது அதே நோட்டின் நகலைத்தான். ஒரே ராத்திரியில், ஒரே பேனாவால், மாவுக்கறை படாமல் எழுதப்பட்ட நோட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன். எழுதியவரைத் தவிர வேறு யாரையும் அவை ஏமாற்றியதில்லை.

பன்னிரண்டு நாளில் சாவு அடங்கியது. மொத்தம் 1,490 கோழி. பணக் கணக்குக்கு வருவோம். இதில் வரும் விகிதங்கள் அவருடைய பாலிசியில் இருந்தவை. உங்கள் பாலிசியில் வேறாக இருக்கும்.

முட்டைக்கோழிக்கு ஒரே விலை கிடையாது. பாலிசியோடு வாரவாரியான மதிப்புப் பட்டியல் ஒன்று வரும். ஒருநாள் குஞ்சில் குஞ்சு விலையோடு தொடங்கி, தின்ற தீவனமும் மருந்தும் சேரச் சேர ஏறி, முட்டையிடத் தொடங்கும் நேரத்தில் உச்சம் தொடும். பிறகு முட்டை கொடுக்கக் கொடுக்க இறங்கி, 72 வாரத்தில் கழிவுக்கோழி விலைக்கு வந்து நிற்கும். அவருடைய பட்டியலில் உச்சம் 300 ரூபாய், 34-ஆவது வாரத்தில் 260 ரூபாய். பிரீமியத்தை உச்ச மதிப்பில் கட்டியிருந்தார், இழப்பீடு செத்த வாரத்தின் மதிப்பில் வரும். "முந்நூறுக்குக் கட்டுனேன், எரநூத்தறுவது தர்றாங்க" என்று அவர் சலித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து, வழக்கமான சாவுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. கூட்டத்தில் 5 விழுக்காடு பண்ணைக்காரர் கணக்கு என்று எழுதியிருந்தது. 10,000-இல் 500. பாலிசி தொடங்கிய 18-ஆவது வாரத்திலிருந்து நோய் வரும்வரை இயல்பாகச் செத்தவை 110. நோயில் செத்தவை 1,490. கூட்டினால் 1,600. அதில் 500 போக 1,100. ஒன்றுக்கு 260 வீதம் 2,86,000 ரூபாய். மதிப்பில் 80 விழுக்காடுதான் தருவோம் என்று இன்னொரு வரி இருந்தது. ஆக 2,28,800 ரூபாய்.

நோயில் செத்த கோழிகளின் பட்டியல் மதிப்பே 3,87,400 ரூபாய். அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு வந்தது. பிழைத்த சுமார் 8,400 கோழிகள் என்ன ஆயின? அடுத்த நான்கு வாரம் நூற்றுக்கு இருபத்தைந்து முட்டை வீதம் குறைந்தது. 58,800 முட்டை. நாலரை ரூபாய் என்று போட்டாலும் 2,64,600 ரூபாய். வந்த இழப்பீட்டைவிட இது அதிகம், இதற்குப் பாலிசியில் இடமே இல்லை. கோழிப் பாலிசி சாவுக்குப் பணம் தரும், முட்டை குறைந்ததற்குத் தராது. விற்க முடியாமல் நின்ற நாளுக்கும் தராது.

பணம் வந்ததும் அவர் கைக்கு வரவில்லை. பாலிசியில் வங்கியின் பெயரும் சேர்ந்திருந்ததால் கடன் கணக்குக்குப் போனது. வட்டி கொஞ்சம் அடைந்தது, அடுத்த தீவன லோடுக்கு அவர் வேறு இடத்தில் கைமாற்று வாங்கினார்.

அடுத்த முறை அந்தச் செட்டுக்கு நான் போனது ஒரு தடுப்பூசி நாளில். தண்ணீரில் நீல நிற மாத்திரையைக் கரைத்திருந்தார்கள். மருந்துத் தண்ணீர் குடித்த கோழிக்கு நாக்கு நீலமாகும். குழாயின் வாலில் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, நீலம் வந்து சொட்டும்வரை காத்திருந்து மூடினார்கள். கோணல் எழுத்துக்காரப் பெண் கடைசிக் கூண்டுகளில் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து அலகைப் பிளந்து பார்த்துக்கொண்டே போனார். வாசல் தூணில் புது நோட்டு தொங்கியது. கட்டங்களோடு கூடுதலாக ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. மேலே 'வால் கூண்டு நாக்கு' என்று எழுதி, கீழே அன்றைய தேதிக்கு நேராக, 'நூறு பாத்தது. தொண்ணூத்தாறு நீலம்.'